பத்தொன்பது சொல், பன்னிரண்டு சொல்

ஆய்வுக் கட்டுரைகளில் இப்படியொரு வாக்கியம் சாதாரணமாகக் கண்ணில் படும்: “இப்பகுதியில் உள்ள விவசாயிகளால் பயன்படுத்தப்பட்டு வருகின்ற நிலத்தடி நீரின் தரம் குறித்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில், பெரும்பாலான கிணறுகளில் உப்பின் அளவு அதிகரித்துக் காணப்படுகிறது என்பது தெரியவந்துள்ளது.”

மொத்தம் 19 சொற்கள். கத்தரிக்கோலை முதலில் வினைகளில் வைக்க வேண்டும். ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில்’ என்பதற்கு ‘ஆய்ந்ததில்’ போதும். ‘பயன்படுத்தப்பட்டு வருகின்ற’ என்பது ‘பயன்படுத்தும்’ ஆனவுடன், ‘விவசாயிகளால்’ தானாகவே ‘விவசாயிகள்’ ஆகிவிடுகிறது. ‘உள்ள’, ‘அளவு’, ‘காணப்படுகிறது என்பது’ ஆகியவை வெறும் ஒட்டுகள்.

மிஞ்சுவது 12 சொற்கள்: “இப்பகுதி விவசாயிகள் பயன்படுத்தும் நிலத்தடி நீரின் தரத்தை ஆய்ந்ததில், பெரும்பாலான கிணறுகளில் உப்பு கூடியிருப்பது தெரிந்தது.”

இத்தோடு நிறுத்துவதுதான் சாமர்த்தியம். கை துறுதுறுத்து ‘கிணறுகளில் உப்பு அதிகம்’ என்று எழுதினால் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். ‘பெரும்பாலான’ போனதும் எல்லாக் கிணறுகளும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகின்றன. ‘கூடியிருப்பது’ என்பது முன்பைவிட உயர்ந்ததைச் சொல்கிறது. ‘அதிகம்’ அந்த மாற்றத்தை மறைத்துவிடுகிறது.

‘படு’ சேர்ந்த வினைகளையெல்லாம் விரட்டவும் கூடாது. ‘சிலை திருடப்பட்டது’ என்ற செய்தியில் திருடன் யாரென்று இன்னும் தெரியாது. அங்கே செயப்பாட்டு வினைதான் சரி.