இரண்டு மாடிச் சுவருக்கு எவ்வளவு சாரம்?

தரைத்தளமும் மேல்மாடியும் கொண்ட வீட்டின் வெளிச்சுவரைப் பூச சாரம் வேண்டும் என்று வாடகைக் கடையில் கேட்டால், "நீளம் எத்தனை அடி, உயரம் எத்தனை அடி?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலைச் சொன்னதும் ஒரு பட்டியல் வரும். அதில் நிற்கும் பைப்புகளும் நீளப் பைப்புகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறைவது வேறு பொருள்கள்: சாய்வுப் பைப், சுவரோடு கட்டும் பைப், இடையில் போடும் குறுக்குப் பைப், பலகை. இவை இல்லாமலும் சாரம் நிற்பதுபோலத் தெரியும். காற்றடிக்கும்போதும், மூன்று பேர் ஒரே பக்கம் நகரும்போதும்தான் குறை வெளிப்படும். அதனால் கணக்கை வீட்டுக்காரரும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

30 அடி நீளச் சுவரை எடுத்துக்கொள்வோம். அடித்தளம் 2 அடி, தளத்துக்கு 10 அடி வீதம் இரண்டு தளம், மேலே கைப்பிடிச் சுவர் 3 அடி. மொத்த உயரம் 25 அடி. ஆள் நிற்கும் தட்டுகளை ஆறரை அடிக்கு ஒன்றாக வைத்தால் ஆறரை, பதின்மூன்று, பத்தொன்பதரை அடியில் மூன்று தட்டுகள் வரும். கடைசித் தட்டில் நின்றால் சுவரின் உச்சி கைக்கு எட்டும்.

சுவரிலிருந்து ஓரடி தள்ளி உள்வரிசை, அதிலிருந்து நாலடி தள்ளி வெளிவரிசை என நிற்கும் பைப்புகள் இரண்டு வரிசை. ஆறடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் வரிசைக்கு ஆறு, ஆக 12. உள்வரிசைக்கு 20 அடி பைப் போதும். வெளிவரிசை மேல்தட்டையும் தாண்டி, தடுப்புப் பைப்பைத் தாங்க மூன்றரை அடியாவது உயர வேண்டும். அதனால் 25 அடி தேவை. மூன்றை 20-உம் 5-உமாகவும், அடுத்தடுத்த மூன்றை 15-உம் 10-உமாகவும் இணைக்க வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே உயரத்தில் வந்தால் அந்த உயரத்தில் சாரம் மடங்கும்.

நீளப் பைப் தட்டுக்கு இரண்டு. தரையையொட்டி ஓரடி உயரத்துக்குள் இன்னொரு சுற்று. ஆக எட்டு வரிசை, ஒவ்வொன்றும் 20-உம் 10-உம் சேர்ந்தது. இந்த அடிச்சுற்றுதான் கால்கள் விலகாமல் பிடிக்கிறது. குறுக்குப் பைப் 5 அடி நீளம். நான்கு நிலையிலும் ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் ஒன்று என்றால் 24. இதோடு நிறுத்துபவர்கள் உண்டு. அப்போது பலகைக்கு ஆறடிக்கு ஒரு தாங்கல்தான் இருக்கும். சாந்துச் சட்டியோடு ஆள் நின்றால் பலகை தொய்யும். ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் இன்னொன்று போட்டால் தாங்கல் மூன்றடிக்கு ஒன்றாகிவிடும். அதற்கு இன்னும் 15.

மூன்று தட்டிலும் வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒன்றும் முழங்கால் உயரத்தில் ஒன்றுமாகத் தடுப்புப் பைப், இரு முனைகளிலும் அதே உயரங்களில் 5 அடித் துண்டுகள். வெளிமுகத்தில் இரு முனையிலிருந்தும் எதிரெதிராக ஏறும் சாய்வுப் பைப் இரண்டு, ஒவ்வொன்றும் 30 அடி. உள்கால் வெளிக்காலை இணைக்கும் சிறிய சாய்வு, ஒரு ஜோடி விட்டு ஒரு ஜோடிக்கு, தட்டுக்கு ஒன்று: 10 அடியில் ஒன்பது. நிற்கும் பைப்பும் நீளப் பைப்பும் சதுரங்களைத்தான் உண்டாக்கும். சதுரம் பக்கவாட்டில் சாயக்கூடியது. சாய்வுப் பைப் விழுந்ததும் அது முக்கோணமாகி இறுகிவிடும்.

மிக அதிகமாக விடுபடுவது சுவர்க்கட்டு. நாலடி அகலத்தில் 23 அடி உயரம் எழும் சாரம் தன் அடியகலத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு உயரமானது. எதையும் பிடிக்காமல் நிற்கும் சாரத்துக்கு நான்கு மடங்கு என்பதே பொதுவான வரம்பு. ஆகவே சுவரைப் பிடித்தாக வேண்டும். சாரத்தின் இரண்டு நீளப் பைப்பிலும் கிளாம்ப் போட்ட 10 அடி பைப்பை ஜன்னல் திறப்பின் வழியே உள்ளே விட்டு, உள்பக்கச் சுவர் முகத்தில் திறப்பைவிட நீளமான 5 அடித் துண்டைக் குறுக்காக வைத்துப் பூட்டுவார்கள். நான்கடி ஜன்னலுக்கு இது பொருந்தும். கீழ்த்தளத்தில் இரண்டு, மேல்மாடியில் இரண்டு. ஜன்னல் வைக்கும் தச்சர் வந்ததும் இதைக் கழற்றிவிடுவதுதான் வழக்கமான ஆபத்து. கழற்றியே ஆகவேண்டுமானால், முதலில் வேறொரு திறப்பில் கட்டிவிட வேண்டும். தூசிக்காகப் பச்சை வலை போர்த்துகிறவர்கள் இன்னும் கூடுதல் கட்டுகள் போட வேண்டும். வலை காற்றைப் பிடிக்கும்.

கூட்டினால் 20 அடியில் 25 பைப், 15 அடியில் 3, 10 அடியில் 32, 5 அடியில் 58 வரும். மொத்தம் 1,155 அடி. பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ.; கடையில் ஒன்றரை இஞ்சு பைப் என்பார்கள். தகடு 3.2 மி.மீ. தடிமன் என்றால் எடை ஒன்றேகால் டன்னைத் தொடும். அதனால் நிற்கும் கால்களுக்கு அடியில் இரும்புத் தட்டும், அதன் கீழே பலகையும் வேண்டும். நேற்று மண் கொட்டி மூடிய இடத்தில் வெறும் தட்டு மழைக்கு அமிழ்ந்துவிடும்.

கிளாம்பில் இரண்டு வகை. செங்கோணமாக மட்டும் பிடிப்பது, சுழல்வது. நீளப் பைப், குறுக்குப் பைப், தடுப்பு, சுவர்க்கட்டு எல்லாம் சேர்த்து செங்கோணக் கிளாம்ப் 198 வேண்டும், 220 எடுங்கள். சாய்வுகளுக்குச் சுழல் கிளாம்ப் 26, 30 எடுங்கள். நீட்டி இணைக்க 22 ஜாயின்ட், 25 எடுங்கள். செங்கோணக் கிளாம்ப் தீர்ந்துவிட்டது என்று தட்டு தாங்கும் இடத்தில் சுழல் கிளாம்ப் போடக் கூடாது. பாரம் ஏறினால் அது திரும்பக்கூடியது. பல கடைகளின் பைப்புகள் கலந்து வரும்போது ஒன்றேகால் இஞ்சு பைப் ஒன்றிரண்டு உள்ளே வந்துவிடும். அதன் வெளிவிட்டம் 42.4 மி.மீ. மட்டுமே. நட்டை முழுக்க முறுக்கினாலும் கிளாம்ப் பிடிக்காமல் நழுவும். முறுக்கிய பின் கிளாம்பின் இரு வாயும் முழுதாக ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது சிறிய பைப் என்று கொள்ளலாம். மரை தேய்ந்தது, மூடி வளைந்தது ஆகியவற்றை வண்டியிலிருந்து இறக்கும்போதே தனியே போட்டுவிட வேண்டும்.

பலகை 10 அடி நீளம், 9 இஞ்சு அகலம், 2 இஞ்சு தடிமன். நாலடி அகலத்துக்கு ஐந்து வரிசை, நீளத்துக்கு நான்கு. தட்டுக்கு 20. வெளிப்பூச்சு மேலிருந்து கீழே வருவதால் இரண்டு தட்டுக்கு 40 இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். விளிம்பில் நிறுத்தும் காலடிப் பலகை, காலுக்குக் கீழ்ப் பலகை சேர்த்து 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் முனை கடைசித் தாங்கலைத் தாண்டி எட்டு இஞ்சுக்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டிய முனையை மிதித்தால் மறுமுனை எழும்பி ஆளைத் தள்ளிவிடும். பெயின்ட் அடித்த பலகையை வாங்காதீர்கள், வெடிப்பு தெரியாது.

தெருவில் மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். 20 அடி இரும்புப் பைப்பை நிமிர்த்தும் நொடியிலேயே விபத்து நடந்துவிடும். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலை. கழற்றும்போது சுவர்க்கட்டு அந்தந்தத் தட்டோடு கடைசியாக இறங்க வேண்டும். முன்கூட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது.

முன்பணம் கட்டும் முன் ரசீதைப் பாருங்கள். அதில் சுழல் கிளாம்பும், 10 அடி பைப்புகளும், இரண்டு தட்டுக்கான பலகையும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் அந்தப் பட்டியலில் சாரம் முழுமையாக இல்லை; எழுதித் தரச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.