விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூன்று முறை எடுக்க வேண்டிய இரத்தமும்

அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயது. வன்னியில் வீட்டிலிருந்து தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வந்தவர். ஐந்து வாரமாகக் காய்ச்சல் என்று தாயாருடன் எங்கள் விடுதிக்கு வந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) பகலில் ஓரளவு நன்றாக இருப்பார். மாலையில் உடம்பு காயும், இரவில் வியர்த்துக் கொட்டும். ஆறு கிலோ மெலிந்திருந்தார். அதற்கு முன் மூன்று இடங்களில் மருந்து எடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் அன்ரிபயோட்டிக் குளிசை, காய்ச்சல் நிற்கும், ஒரு கிழமையில் திரும்ப வரும்.

அந்த ஏற்ற இறக்கமே ஒரு துப்பு என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், நெடுநாளானால் காசநோய் என்றுதான் மனம் ஓடும். அவற்றுக்கான சோதனைகளையெல்லாம் செய்தேன். குருதி வளர்ப்புச் சோதனையும் எழுதினேன். ஆனால் அனுமதித்த இரவே முதல் ஊசி மருந்து ஏறிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு கையிலிருந்து ஒரேயொரு போத்தலுக்கு நாலு மில்லிலீற்றர் அளவில் இரத்தம் எடுத்தோம். ஐந்து நாளின் பின் ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வந்தது. இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்டதால் எக்கோவும் எடுப்பித்தேன். மைட்ரல் வால்வு தடித்திருக்கிறது, கசிவு உண்டு, வால்வில் கட்டி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. ‘தெளிவாகத் தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று நான் வாசித்துக்கொண்டேன். காய்ச்சலும் நின்றிருந்தது. வீட்டுக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்திருக்கிறது. வலது கை இயங்கவில்லை, பேச்சு குழறியது. காய்ச்சல் மறுபடியும் இருந்தது.

எங்கள் வைத்திய நிபுணர் கட்டிலருகே வந்து தாயாரிடம் கேட்ட முதல் கேள்வி, நான் கேட்காத கேள்வி. “அம்மா, சின்ன வயதில் இவவுக்கு மூட்டு வீங்கினதா?”

“ஓம் டொக்டர். பன்னிரண்டு வயதில முழங்கால், கணுக்கால் எல்லாம் மாறி மாறி வீங்கினது. இதயத்தில தாக்கம் எண்டு சொல்லி மாதா மாதம் ஊசி போட்டது. 2008 கடைசியில இடம்பெயரேக்க விட்டுப்போச்சு. கிளினிக் கொப்பியும் துலைஞ்சிட்டுது. பிறகு நாங்களும் மறந்திட்டம்.”

அது வாதக் காய்ச்சல். தொண்டைத் தொற்று ஒன்றின் பின் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டையும் இதய வால்வையும் தாக்குவது. மூட்டு வீக்கம் வடு விடாமல் ஆறிவிடும், வால்வு அப்படி ஆறாது. தடித்துச் சுருங்கி, மேற்பரப்பு கரடுமுரடாகிவிடும். மாதாந்தப் பெனிசிலின் ஊசி, அந்தத் தாக்கம் திரும்ப வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காப்பதற்காகப் போடப்படுவது. இடம்பெயர்வில் அது நின்றுபோனது இவருக்கு மட்டும் நடந்ததல்ல.

கரடான வால்வில் இரத்தம் சுழித்து ஓடும் இடத்தில் குருதிச் சிறுதட்டுகளும் நாரும் சேர்ந்து ஒரு சிறு படிவு உண்டாகும். பல் பிடுங்கும்போதோ, ஈறு சீழ் கட்டியிருக்கும்போதோ வாயிலிருக்கும் பற்றீரியாக்கள் இரத்தத்தில் இறங்குகின்றன. நல்ல வால்வுள்ளவருக்கு அவை சில நிமிடங்களில் அழிந்துவிடும். படிவு இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு பெருகும். இதுதான் இதய அகவுறைத் தொற்று, வைத்தியர்கள் என்டோகார்டைற்றிஸ் என்பது. கேட்டபோது, காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன் கடைவாய்ப்பல் பிடுங்கியதாகச் சொன்னார்கள்.

படிவின் உள்ளே இருக்கும் பற்றீரியாவை ஐந்து நாள் குளிசை அழிக்காது. இரத்தத்தில் மிதப்பவற்றை மட்டும் குறைக்கும். ஆகவே காய்ச்சல் நிற்கும், குருதிச் சோதனையும் வெறுமையாக வரும், மருந்து நின்றதும் எல்லாம் திரும்பும். படிவிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனதால்தான் கை விழுந்தது.

நிபுணர் அடுத்துச் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் விடயம் இதில்தான் இருக்கிறது. அவருக்குக் கடைசியாக மருந்து கொடுத்துப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது. புதிய மருந்து எதுவும் ஏற்ற முன்னர், வலது கையில் ஒரு முறை, அரை மணி நேரம் கழித்து இடது கையில் ஒரு முறை, மேலும் அரை மணி கழித்து வேறோர் இடத்தில் ஒரு முறை என மூன்று தடவை புதிதாகக் குத்தி இரத்தம் எடுத்தோம். கையில் ஏற்கெனவே போட்டிருந்த கனுலாவிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு போத்தல். ஒன்று ஒட்சிசன் உள்ள சூழலில் வளர்பவைக்கு, மற்றது இல்லாத சூழலில் வளர்பவைக்கு. ஒவ்வொன்றிலும் பத்து மில்லிலீற்றர்.

“இவ்வளவு இரத்தத்தையும் எடுத்தால் பிள்ளை என்னத்துக்காகும்?” என்று தாயார் தாதியிடம் சண்டைக்குப் போனார். மொத்தம் அறுபது மில்லிலீற்றர், நாலு மேசைக்கரண்டி. இரத்ததானத்தில் கொடுப்பது ஏறத்தாழ 450. ஆனால் அளவு ஏன் முக்கியம் என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை என்பதும் உண்மை. இந்த நோயில் ஒரு மில்லிலீற்றரில் சில பற்றீரியாக்களே இருக்கக்கூடும், சிலவேளை ஒன்றுகூட இராது. மருந்து ஏறிய உடம்பிலிருந்து நான் எடுத்த நாலு மில்லிலீற்றரில் எதுவும் அகப்படாமல் போனதில் வியப்பில்லை. பெரியவர்களில் எடுக்கும் இரத்தம் கூடக் கூட அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்று பலர் காத்திருப்பார்கள். இங்கே அது தேவையில்லை. சிறுநீரகத்திலோ நுரையீரலிலோ தொற்று இருந்தால் பற்றீரியா இடைக்கிடையே இரத்தத்தில் தலைகாட்டும். வால்வில் இருந்தால் இரத்தம் ஓயாமல் அதைக் கழுவிக்கொண்டே போகிறது, எப்போது எடுத்தாலும் இருக்கும். ஆகவேதான் நேரம் விட்டு எடுத்த எல்லாத் தடவைகளிலும் ஒரே கிருமி வளர்ந்தால், அது இரத்தவோட்டத்தின் உள்ளேயே குடியிருக்கிறது என்று சந்தேகிக்கிறோம்.

மூன்றாவது தடவை எடுத்து முடிந்தவுடன் மருந்து தொடங்கப்பட்டது. பக்கவாதம் வந்தவரை முடிவு வரும்வரை காக்கவைக்க முடியாது. நோயாளி உறுதியாக இருந்து, மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், சிலவேளை அதை நிறுத்தி ஓரிரு நாள் பொறுத்து எடுப்பதும் உண்டு. அது நிபுணர் எடுக்க வேண்டிய முடிவு, வீட்டில் செய்வதல்ல.

இரண்டாம் நாள் ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று தடவை எடுத்தவற்றிலும் வாயில் வாழும் விரிடன்ஸ் வகை ஸ்ரெப்ரோகொக்கஸ்.

ஒரு போத்தலில் மட்டும் ஏதோ வளர்ந்திருந்தால் கதை வேறு. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் வகைகள் ஊசியோடு போத்தலுக்குள் போய்விடும். குத்தும் இடத்தைக் குளோர்ஹெக்சிடின் கலந்த அற்ககோலால் துடைத்து, காயவிடாமல் குத்தினாலோ, துடைத்த பின் விரலால் தடவிப் பார்த்தாலோ, போத்தலின் இறப்பர் மூடியைத் துடைக்காமல் விட்டாலோ இது நடக்கும். அப்படியொரு தவறான முடிவை நம்பி, ஒரு முதியவருக்கு நாங்கள் தேவையற்ற கடும் மருந்தைப் பல நாள் ஏற்றியதும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் குத்தி எடுப்பதன் இன்னொரு பயன் இது: தோலில் இருந்து வந்தது பெரும்பாலும் ஒன்றில்தான் வளரும், உள்ளிருந்து வருவது எல்லாவற்றிலும் வளரும். ஆனால் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி ஒரு போத்தலில் வந்தாலும் அதைத் தோல் அழுக்கென்று ஒதுக்கக்கூடாது. சரியான மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளின் பின்னும் மறுபடி எடுத்த இரத்தத்தில் அது வளர்ந்தால், வால்வைத் தேடிப் பார்த்தேயாக வேண்டும். குருதிச் சுத்திகரிப்புச் செய்பவர்களிலும் செயற்கை வால்வு உள்ளவர்களிலும் இது மிகவும் கவனிக்க வேண்டியது.

எங்கள் நோயாளியை அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, உணவுக்குழாய் வழியாக எக்கோ செய்வித்தோம். மார்பின் மேல் வைத்துச் செய்யும் எக்கோ விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் இடையால் பார்க்கிறது. சொந்த வால்வில் உள்ள படிவைக்கூடப் பத்துப் பேரில் மூவரளவில் அது தவறவிடலாம். ஏற்கெனவே வடுப்பட்டுத் தடித்த வால்வென்றால், வடு எது, படிவு எது என்று பிரிப்பதும் கடினம். இதயத்தின் இடது மேலறை உணவுக்குழாயை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் இடையில் தடையில்லை. மைட்ரல் வால்வின் மேலறைப் பக்கத்தில், வால்வின் அசைவோடு சேராமல் தனியாகத் துடித்துக்கொண்டு எட்டு மில்லிமீற்றர் படிவு ஒன்று இருந்தது. நிலையாக ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்புப் படிவு அப்படித் துடிக்காது.

உணவுக்குழாய் எக்கோ எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. இருந்தாலும் முதல் நாளில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் படிவு அப்போது மிகச் சிறியதாக இருக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

நாலு கிழமை நாளத்தினூடாகப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. படிவு சுருங்கியது. கசிவு கூடாததால் சத்திரசிகிச்சை அப்போது தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் 2009க்கு முன் மூட்டு வீங்கி மாதாந்த ஊசி போட்ட பிள்ளை ஒருவர் இருந்திருக்கலாம். இப்போது அவர் முப்பது, நாற்பது வயதில் இருப்பார். கொப்பி தொலைந்திருந்தாலும், காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு கிழமையைத் தாண்டினால் அந்த ஊசிக் கதையை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அண்மையில் பல் பிடுங்கியிருந்தால் அதையும், இதுவரை குடித்த குளிசைகளின் பெயரையும், வெற்று அட்டைகளோடு சேர்த்துச் சொல்லுங்கள். அன்ரிபயோட்டிக் தொடங்க முன்னர் இரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை.

அவருடைய பேச்சு திரும்பிவிட்டது. வலது கையின் சுட்டுவிரலும் பெருவிரலும் இன்னும் முழுதாகச் சேராது. ஊசிக்கு நூல் கோப்பதை மூத்த மகள் செய்கிறாள். புதிய கிளினிக் கொப்பியை இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் சுற்றித் தாயார்தான் வைத்திருக்கிறார்.