முதலில் நாற்காலியை எண்ணுங்கள்

கடை இன்னும் கட்டவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தில் பளபளவென்று இருக்கிறது. காபி கடைக்கு முதலீடு கேட்டு உரிமையாளர் நீட்டும் அந்தப் படத்தில், விவரம் தெரிந்தவர் முதலில் எண்ணுவது நாற்காலிகளைத்தான்.

20க்கு 30 அடி கடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 சதுர அடி. சமையலறை, கல்லா, கழிப்பறைக்கு 200 போக மீதி 400. நடக்கும் வழியையும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 15 சதுர அடி வேண்டும். ஆக 26 பேர் உட்காரலாம். படத்தில் 40 நாற்காலி இருந்தால் கணக்கு உதைக்கிறது. நாற்காலியைச் சற்றே சிறிதாக்கியிருப்பார்கள், அல்லது கேமரா கோணத்தை அகட்டியிருப்பார்கள். 18 மி.மீ. லென்ஸில் சின்ன அறையும் கல்யாண மண்டபம்தான். ஓரத்து மேஜையில் வட்டத் தட்டு முட்டை வடிவில் இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள், குட்டு உடைந்துவிடும். 28 மி.மீ.யில் ஒரு படமும், அளவு போட்ட தரைப்படமும் சேர்த்துக் கேட்பது நல்லது.

தொங்குவிளக்கின் அடிப்பகுதி மேஜைக்கு மேல் 30 முதல் 36 அங்குலத்தில் இருக்க வேண்டும். அதாவது தரையிலிருந்து ஐந்தேகால் அடி. மேஜையை நகர்த்தினால் அது நடப்பவர் நெற்றிக்கு நேராக வந்துவிடும். வரைபவருக்கு இது கவலையில்லை, படத்தில் யாரும் நடப்பதில்லையே!

செடிகளில்தான் எனக்குச் சிரிப்பு வரும். ஜன்னலே இல்லாத மூலையில் ஃபிடில் லீஃப் செடி செழித்து நிற்கும். நிஜத்தில் அது இலை உதிர்க்கும். அங்கே மணி பிளான்ட் தாங்கும்.