பன்னிரண்டு சதவீதம் எங்கே போகிறது?

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். சதவீதத்திற்கு ஒரு நடைமுறைக் கணக்கு தர நினைத்து, வருங்கால வைப்பு நிதியை எடுத்துக்கொண்டேன். "ஒருவரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் செலுத்துகிறது. அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்திற்கும், 3.67 சதவீதம் வைப்பு நிதிக்கும் போகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு?" மாணவர்கள் 1,999.20 என்றும் 880.80 என்றும் சரியாகவே விடை எழுதினார்கள்.

மறுநாள் ஒரு மாணவி வந்து, "சார், எங்க அம்மாவுக்கும் அதே சம்பளம்தான். ஆனா பாஸ்புக்கில் 1,250, 1,630 என்று இருக்கு. கம்பெனி ஏமாத்துதா என்று அம்மா கேட்கச் சொன்னாங்க" என்றாள். அரசுப் பள்ளி ஆசிரியர்களான நமக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்பதால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துப் பார்த்ததில், தவறு நிறுவனத்தினுடையது அல்ல, என் கணக்கினுடையது என்று தெரிந்தது.

நான் விட்டுவிட்டது ஊதிய உச்சவரம்பை. 8.33 சதவீதத்தை முழு ஊதியத்திற்குக் கணக்கிடுவதில்லை. 2014 செப்டம்பர் 1 முதல் அதற்கான உச்சவரம்பு 15,000 ரூபாய். ஊதியம் எவ்வளவு உயர்ந்தாலும் 15,000-இல் 8.33 சதவீதம், அதாவது முழு ரூபாயாக 1,250 மட்டுமே ஓய்வூதியத்திற்குப் போகும். மீதி முழுவதும் வைப்பு நிதியில் சேரும்.

அந்த அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். 24,000-இல் 12 சதவீதம் 2,880 ரூபாய். ஊழியரின் பங்கான 2,880 முழுவதும் வைப்பு நிதிக்குப் போகிறது. நிறுவனத்தின் 2,880-இல் 1,250 ஓய்வூதியத்திற்குப் போக, மீதி 1,630 வைப்பு நிதிக்கு வருகிறது. ஆக, 3.67 சதவீதம் என்பது ஊதியம் 15,000 வரை உள்ளவர்களுக்கே பொருந்தும். 12,000 ரூபாய் ஊதியம் என்றால் 1,440-இல் 1,000 ஓய்வூதியத்திற்கும் 440 வைப்பு நிதிக்கும் பிரியும். சில நிறுவனங்கள் 15,000-க்கு மட்டுமே 12 சதவீதம் கட்டுவதுண்டு. அங்கே 1,800 ரூபாய் 1,250, 550 என்று பிரியும்.

இரண்டு பணத்திற்கும் தன்மை வேறு. வைப்பு நிதியில் உள்ளது வட்டியோடு வளரும் சேமிப்பு. ஓய்வூதியப் பத்தியில் உள்ள தொகைக்கு வட்டி சேராது. அங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்து ஓய்வூதியம் தீர்மானிக்கப்படுவதும் இல்லை. கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். இங்கும் ஊதியத்திற்கு 15,000 வரம்பு உண்டு. அந்த அம்மா 2015 ஜூனில், 12,000 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தவர். 58 வயது நிறையும்போது 18 ஆண்டுப் பணி முடிந்திருக்கும். 15,000 × 18 ÷ 70 = 3,857 ரூபாய் மாத ஓய்வூதியம். மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். எனவே வேலை மாறும்போது ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால், அதுவரையிலான பணிக்காலமும் கணக்கிலிருந்து போய்விடும்.

பிழை இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். நிறுவனத்தின் இரண்டு தொகைகளையும் கூட்டினால், ஊழியர் பங்குக்குச் சமமாக வர வேண்டும். ஊழியர் விரும்பிக் கூடுதலாகச் செலுத்தினாலோ, நிறுவனம் 15,000 வரம்போடு நிறுத்தினாலோ மட்டும் இது பொருந்தாது. இன்னொன்று, 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாகத் திட்டத்தில் சேர்ந்தவர், சேரும்போதே 15,000-க்கு மேல் ஊதியம் வாங்கியிருந்தால், அவருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. 12 சதவீதமும் வைப்பு நிதிக்கே வர வேண்டும். அப்படிப்பட்டவர் கணக்கில் 1,250 பிடிக்கப்பட்டிருந்தால் அது தவறு. அதைப் போலவே, 58 வயதுக்குப் பிறகும் ஓய்வூதியப் பத்தியில் தொகை விழுந்தால், பொதுவாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தவறுகள் பெரும்பாலும் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியவருகின்றன. அதற்கு முன்பே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சொல்லித் திருத்துவது எளிது.

அந்த அம்மாவின் கணக்கு சரியாகவே இருந்தது. மகளிடம் அதை எழுதிக் கொடுத்தனுப்பினேன். வகுப்பில் பழைய கணக்கை அழித்துவிட்டு, "15,000-க்கு மேற்பட்ட ஊதியத்திற்கு 8.33 சதவீதம் இல்லை" என்ற ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் கொடுத்தேன். 10,000, 15,000, 24,000 என்ற மூன்று ஊதியங்களுக்கும் செய்து பார்த்தபோது, இரண்டாவதற்குப் பிறகு ஓய்வூதியத் தொகை ஏன் நகரவில்லை என்று மாணவர்களே கேட்டார்கள். இதை வகுப்பில் செய்பவர்கள் கற்பனை ஊதியங்களையே கொடுங்கள். பெற்றோரின் சம்பளத்தைப் பிள்ளைகள் எல்லோர் முன்பும் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.