பகுதி நேர உதவிக்கு முதல் ஆள்: கடிதத்தில் என்ன எழுதுவது?

வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் கூடிவிட்டது, பாக்கெட் போட ஓர் ஆள் வேண்டும். 'காலையில வந்து கூடமாட உதவுங்க, மாசம் ஆறாயிரம் தரேன்' என்று வாய்ப்பேச்சோடு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். இரண்டாவது மாதம் பார்த்தால், பாக்கெட் போட வந்தவர் வீட்டுப் பாத்திரமும் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவர் இரண்டு மணிக்குக் கிளம்புவார். இரு தரப்புக்கும் மனத்தாங்கல்தான் மிச்சம்.

இதைத் தவிர்க்க ஒரு பக்கக் கடிதம் போதும். அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

'வேலை: பொடியைச் சலித்து, 200 கிராம் பாக்கெட்டுகளில் எடைபோட்டு அடைத்து, சீல் வைத்து, லேபிள் ஒட்டுதல், வேலை முடிந்ததும் மேஜையையும் தராசையும் துடைத்து வைத்தல். வீட்டு வேலை இதில் சேராது. நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் 1 மணி வரை. சம்பளம்: மணிக்கு 80 ரூபாய், அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.'

இதில் முக்கியமான வரி, 'வீட்டு வேலை சேராது' என்பதே. வீடும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது எல்லை தானாக அமையாது. 'சொல்லும் பிற வேலைகளும்' என்று ஒரு வரி சேர்த்தால், மேலே எழுதியதற்கெல்லாம் பொருளில்லாமல் போய்விடும்.

அடுத்தது கணக்கு. 26 நாள், நாளுக்கு 3 மணி என்றால் 78 மணி. சம்பளம் 6,240 ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் 240 ரூபாய் குறையும். ஆனால், மிளகாய் வரவில்லை, கரண்ட் இல்லை என்று நாமே திருப்பி அனுப்பினால்? அன்றைய சம்பளம் உண்டு என்று எழுதிவிடுவதே நியாயம். அந்த நேரத்தை அவர் நமக்காக ஒதுக்கியிருக்கிறார். தீபாவளி நெருக்கடியில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால், முந்தின நாளே கேட்க வேண்டும், அவர் சம்மதித்தால் மட்டுமே, மணிக்கு 100 ரூபாய் என்று அதையும் குறித்துவிடலாம்.

சம்பளத்தை முடிவுசெய்யும் முன், அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவான தொகைக்கு அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் சட்டத்தின்முன் அது நிற்காது.

வேலை தொடங்கும் தேதி, முதல் மாதம் பழகிப் பார்க்கும் காலம், விலக நினைத்தால் இரு தரப்பும் 7 நாள் முன்னதாகச் சொல்வது ஆகியவற்றையும் சேருங்கள். தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியை வேலைக்கு வருபவர் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.