புள்ளி மறையும் தூரம்

கரும்பலகையில் ஆசிரியர் ‘பட்டம் பறந்தது’ என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதைப் பார்த்துத் தன் நோட்டில் ‘படடம பறநதது’ என்று எழுதுகிறாள். எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன, புள்ளிகளைத்தான் காணோம். பலகையைப் பார்க்கவிடாமல் அதே வாக்கியத்தை வாயால் சொல்லி எழுதச் சொன்னால் ஒரு புள்ளிகூட விடாமல் எழுதிவிடுகிறாள். அப்படியென்றால் அவளுக்குத் தமிழ் தெரியாமலில்லை, பலகைதான் தெரியவில்லை. அல்பினிசத்தோடு பிறந்த குழந்தை வகுப்பில் இருந்தால் ஆசிரியர் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. இந்தச் சிறுமி உதாரணத்துக்காகச் சொல்லப்படுபவள். ஆனால் இவள் கண்ணில் நடப்பது அல்பினிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளின் கண்ணிலும் நடப்பதுதான்.

வெளிறிய தோலையும் வைக்கோல் நிற முடியையும்தான் ஊரார் கவனிக்கிறார்கள். மெலனின் என்னும் நிறமி குறைவதால் வருவது அது. தோலுக்கு நிறம் தருவதோடு அந்த நிறமியின் வேலை முடிந்துவிடுவதில்லை. குழந்தை கருவில் இருக்கும்போது கண் சரியாக உருவாவதற்கும் அது தேவை. விழித்திரையின் மையத்தில் ஒரு சிறு குழி உண்டு. நுணுக்கமான எழுத்தைப் படிப்பது அந்த இடத்தால்தான். அல்பினிசத்தில் அந்தக் குழி முழுமையாக உருவாவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகளிலும் வழக்கத்தைவிட அதிகமானவை எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. அதனால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கும் திறன் குறைகிறது. பிறந்த சில வாரங்களிலேயே கண்கள் இடவலமாக ஆடத் தொடங்கிவிடும். பார்ப்பவர்களுக்குத்தான் அது ஆட்டமாகத் தெரியும், குழந்தைக்கு உலகம் ஆடுவதாகத் தோன்றுவதில்லை.

“கண்ணாடி போட்டா சரியாயிடுமா டாக்டர்?” என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ இருக்கும். கூடவே சிலிண்டர் பவர் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். கண்ணாடி அவற்றைத் திருத்தும், விழித்திரையின் குழியைத் தோண்டித் தராது. நம் சிறுமிக்குக் கண்ணாடி இல்லாமல் 6/60, கண்ணாடியோடு 6/36 என்று வைத்துக்கொள்வோம். ‘கண்ணாடி போட்டும் தெரியவில்லையே’ என்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் உண்டு. அது பெரிய இழப்பு. 60-லிருந்து 36-க்கு வருவது வகுப்பில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பரிசோதிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கம்போல ஒரு கண்ணை மூடிவிட்டு மறுகண்ணால் படிக்கச் சொன்னால் கண்ணாட்டம் கூடிவிடலாம், அளவும் குறைவாக வரும். இரு கண்ணும் திறந்திருக்கையில் எவ்வளவு படிக்கிறாள் என்று தனியாகக் குறிக்க வேண்டும், வகுப்பில் அவள் பார்க்கப்போவது அப்படித்தானே. தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் நிமிர்த்தக் கூடாது. எந்தக் கோணத்தில் ஆட்டம் குறைகிறதோ அந்தக் கோணத்தை அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ‘நேரா உட்காரு’ என்று வகுப்பில் அதட்டுவது அவளுடைய பார்வையைப் பிடுங்குவதற்குச் சமம்.

இப்போது பலகைக்கு வருவோம். 6/36 என்றால் மற்றவர்கள் 36 மீட்டரிலிருந்து படிப்பதை இவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள். ஆசிரியர் 4 சென்டிமீட்டர் உயர எழுத்து எழுதுகிறார் என்றால், சுமார் நாலரை மீட்டர் தூரத்தில் அவளால் அதை முட்டி மோதித்தான் அடையாளம் காண முடியும். தடையில்லாமல் படிக்க அதில் பாதித் தூரம் வேண்டும், அதாவது இரண்டே கால் மீட்டர். சாக்பீஸால் வைத்த சின்னப் புள்ளியும் ஏறத்தாழ அந்தத் தூரத்துக்கு அப்பால் மங்கத் தொடங்கும். ‘ஏ’யின் கீழ்க்கோடும் ‘ஓ’வின் சுழியும் அப்படித்தான் தொலையும். கண்ணாடி இல்லாமல் 6/60 என்றால் இரண்டே கால் மீட்டர் ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். முதல் பெஞ்சிலிருந்தே எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய நிலை அது. அலமாரியில் கிடக்கும் கண்ணாடியின் மதிப்பு இதுதான்.

முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த பெஞ்ச் ஜன்னலைப் பார்த்து இருந்தால் பலனில்லை. கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரைக்கு வேண்டாத ஒளியை மறைக்கும் வேலை உண்டு. அல்பினிசத்தில் அந்தத் திரையே ஒளியை ஊடுருவ விடுகிறது, மெல்லிய வேட்டியைத் திரையாகக் கட்டியதுபோல. அதனால் ஜன்னலும் திறந்த கதவும் அவளுக்கு முதுகுப்புறம் இருக்க வேண்டும். பளபளக்கும் வெள்ளைப் பலகையைவிட, நன்றாகத் துடைத்த மங்கலான கரும்பலகையில் வெள்ளை சாக்பீஸ் அவளுக்கு எளிது. சிவப்பு, நீல சாக்பீஸில் எழுதியது கிட்டத்தட்ட இல்லாததுபோலத்தான்.

நிறக்கண்ணாடி இந்தக் கூச்சத்துக்கானது, எழுத்தைக் கூர்மையாக்குவதற்கு அல்ல. இங்கே நடக்கும் பெரிய தவறு, கறுத்த கூலிங் கிளாஸ் ஒன்றை வாங்கி நாள் முழுக்கப் போடச் சொல்வது. வகுப்பறைக்குள் அது வெளிச்சத்தோடு எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். தானாக நிறம் மாறும் கண்ணாடியிலும் சிக்கல் உண்டு. மைதானத்திலிருந்து உள்ளே வந்ததும் அது வெளுக்கச் சில நிமிடம் ஆகும். நம் ஊர் வெயிலில் சூடேறினால் வெளியே போதிய அளவு கறுக்கவும் கறுக்காது. ஒரே பவரில் இரண்டு கண்ணாடி இருந்தால் நல்லது: உள்ளே நிறமற்றதோ லேசான நிறமோ, வெளியே பழுப்போ சாம்பல் நிறமோ, பக்கவாட்டு மறைப்போடு. எவ்வளவு கருமை என்பதைக் கடைக்குள் முடிவுசெய்யாமல், நடுப்பகலில் வாசலில் நின்று போட்டுப் பார்த்து அவளையே சொல்ல வைக்க வேண்டும். காலை இறைவணக்கத்தில் அகலமான விளிம்புள்ள தொப்பியை அனுமதிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கெடாது. 30 சென்டிமீட்டரில் இருந்ததை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் எழுத்து மூன்று மடங்கு பெரிதாகிறது. அருகில் பார்க்கும்போது பலருக்குக் கண்ணாட்டமும் தணிகிறது. கழுத்து வலிக்காமல் இருக்க, புத்தகத்தை உயர்த்திவைக்கும் சாய்பலகை ஒன்று தந்தால் போதும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளின் குறைபார்வைப் பிரிவில், ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கியைப் பழக்குவார்கள். நான்கு மடங்கு பெரிதாக்கும் குழாய் 6/36-ஐ ஏறத்தாழ 6/9 ஆக்கும். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சொற்களே அதில் அடங்கும். பலகை முழுவதையும் அப்படிப் பார்த்து எழுதுவதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவார். அதனால் நீளமான பாடத்துக்கு ஆசிரியரின் குறிப்பையோ பக்கத்துப் பிள்ளையின் நோட்டையோ தருவதே மேல். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது.

தேர்வு நாளில் பதற்றத்தால் கண்ணாட்டம் கூடும், படிக்கும் வேகம் குறையும். கண்ணாடியோடும் 6/18-க்கு மேல் வராத பார்வை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மருத்துவச் சான்றிதழைக் கடைசி ஆண்டுவரை தள்ளிப்போடாமல் முன்பே வாங்கிவைத்தால், கூடுதல் நேரத்தையும் பெரிய எழுத்து வினாத்தாளையும் கேட்பது எளிதாகும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பலகையில் ‘பட்டம், கொக்கு, சிற்பம், எண்ணெய், ஓணான்’ என்று எழுதுங்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களாக இருந்தால் ஊகித்து எழுதிவிடுவாள், அதனால் புதிய சொற்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் கண்ணாடி போட்டபடி, தலையை வசதியான கோணத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதட்டும். புள்ளி விடுபட்டால் ஓர் அடி முன்னால் வரச் சொல்லுங்கள். எல்லாப் புள்ளியும் நோட்டில் வந்து விழும் இடம்தான் அவளுடைய இடம். தரையில் சாக்பீஸால் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு, காலை பதினோரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஜன்னல் வெளிச்சம் மாறிய பிறகு இன்னொரு முறை எழுதச் சொல்லிப் பாருங்கள்.