முந்தானை ஓரத்தில் பிசகும் ப்ளர்

கல்யாண வீட்டில் போனில் எடுத்த போர்ட்ரெய்ட் படம் ஒன்றைத் திறந்து, முகத்தை விட்டுவிட்டுப் புடவையின் ஓரத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். முந்தானைக் குஞ்சத்தில் சில நூல்கள் தெளிவாக இருக்கும், சில நூல்கள் பின்னணியோடு கரைந்து போயிருக்கும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள சந்தில், பின்னால் நிற்பவரின் கட்டம் போட்ட சட்டை கூர்மையாகத் தெரியும். தோளைச் சுற்றி ஒரு வெளிர் கோடு ஓடும். படத்தைச் சாதாரணமாகப் பார்க்கும்போது இவை தனித்தனியாகக் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் ஆளை வெட்டி ஒட்டியதுபோல் ஏதோ ஒன்று உறுத்தும். அந்த உறுத்தல் பெரும்பாலும் துணி ஓரத்திலிருந்துதான் வருகிறது.

காரணம் புரிய, நிஜ லென்ஸ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை முதன்மையாக முடிவு செய்வது லென்ஸின் ஒளித்துளை எவ்வளவு அகலம் என்பதுதான். போர்ட்ரெய்ட்டுக்குப் பலரும் விரும்பும் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-ல் திறந்தால் துளையின் விட்டம் சுமார் 47 மில்லிமீட்டர். போனின் முதன்மைக் கேமராவில் லென்ஸின் உண்மையான குவியத் தூரமே 7 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதே எஃப் 1.8 என்று எழுதியிருந்தாலும் துளை 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பொருள் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அந்தத் தூரத்தைக் கேமராவிலிருந்து அந்தப் பொருளுக்கு உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, துளையின் விட்டத்தால் பெருக்க வேண்டும். பொருளில் உள்ள ஒரு புள்ளி, ஃபோகஸ் வைத்த இடத்தின் அளவுகோலில் எவ்வளவு அகலமான வட்டமாகப் பரவும் என்பது அதில் கிடைத்துவிடும். பெண் 2 மீட்டரில் நிற்கிறார், கண்ணில் ஃபோகஸ், அவருக்கு 3 மீட்டர் பின்னால் ஒரு தூண். 85 லென்ஸில் தூணின் ஒவ்வொரு புள்ளியும் 28 மில்லிமீட்டர் வட்டமாக விரியும். போன் லென்ஸில் இரண்டரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அதாவது, போன் தானாகப் பின்னணியை மங்கலாக்குவதில்லை. மங்கலைக் கணக்கிட்டு வரைகிறது.

2016-ல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்தை வைத்து ஆழத்தை அளந்தது. அடுத்த ஆண்டு கூகுளின் பிக்ஸல் 2 ஒரே லென்ஸில் அதைச் செய்தது. அதன் சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும். லென்ஸின் இடப்பக்கம் வழியே வந்த ஒளியும் வலப்பக்கம் வழியே வந்த ஒளியும் தனித்தனியே பதிவாகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், ஆள் எங்கே முடிகிறார் என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற மென்பொருளும் துணைக்கு வந்தது. வழி எதுவானாலும் கடைசியில் உருவாவது ஓர் ஆழ வரைபடம். படத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். அந்த வரைபடம் பெரும்பாலும் படத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் இருக்கும். குஞ்சத்தின் ஒற்றை நூல் அதற்குள் அகப்படாது. பார்வை வித்தியாசத்தை வைத்து அளக்கும் முறை, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் கட்டம் போட்ட புடவையிலும் குழம்பக்கூடும். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று அதற்குத் தெரிவதில்லை.

ஓரத்தில் நடக்கும் பிசகைத் திருத்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும். ஃபோகஸில் உள்ள ஆளின் ஓரத்தைத் தாண்டிப் பின்னணியின் மங்கல் ஆள்மேல் வழியாது. ஆள் அந்த ஒளியை மறைத்துவிடுகிறார். அதேபோல் ஆளின் நிறமும் பின்னணிக்குள் வழியாது. ஆனால் ஃபோகஸுக்கு முன்னால் நீண்டிருக்கும் முழங்கையோ துணியோ மங்கினால், அதன் ஓரம் பின்னால் இருப்பவற்றின்மேல் பாதி ஊடுருவும் திரையாக வழியும். போனும் அவசரத் திருத்தமும் இந்த விதியை மீறும்போதுதான் தோளைச் சுற்றி ஒளிவட்டமும், சிவப்புப் புடவைக்கு வெளியே சிவப்புப் புகையும் வருகின்றன.

இனி அதே படத்தையே திருத்திப் பார்ப்போம். போனில் ப்ளர் இல்லாமல் எடுத்த, 3000 பிக்ஸல் உயரமுள்ள படம். தலையிலிருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை ஒரு மீட்டர் உயரம் படத்தில் அடங்குகிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 3 பிக்ஸல். 85 லென்ஸில் எடுத்ததுபோல் தெரிய வேண்டுமானால் தூணின் மங்கல் வட்டம் சுமார் 85 பிக்ஸல். தோளிலிருந்து பின்னால் இறங்கும் முந்தானை கண்ணைவிட 20 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கணக்குப்படி அதன் மங்கல் 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 13 பிக்ஸல். 20 சென்டிமீட்டர் முன்னால் நீண்ட முழங்கைக்கு 16 பிக்ஸல். காதுப் பக்கம் 10 சென்டிமீட்டர் பின்னால் என்றால் 6, 7 பிக்ஸல். ஒரே பெண், ஒரே புடவை, ஆனால் நான்கு இடத்தில் நான்கு அளவு. போன் செய்கிறபடி ஆள் முழுவதையும் கூர்மையாகவும் மற்றதை மங்கலாகவும் வைத்தால், இந்த இடைப்பட்ட அளவுகள் தொலைந்துவிடுகின்றன.

ஃபோட்டோஷாப்பில் செய்வதாக இருந்தால், ஆளைத் தேர்ந்தெடுத்துத் தனி லேயராக எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள படத்தில் ஆள் இருந்த இடத்தைச் சற்று அகலமாகவே தேர்வு செய்து `Content-Aware Fill` கொடுத்துப் பின்னணியால் நிரப்புங்கள். நிரப்பியது அழகாக இருக்க வேண்டியதில்லை, புடவையின் நிறம் அங்கே மிஞ்சாமல் இருந்தால் போதும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் மிகப் பலர். ஆளோடு சேர்ந்த படத்தையே மங்கலாக்கிவிட்டு மேலே கூர்மையான ஆளை வைத்தால், அந்தச் சிவப்புப் புகை நிச்சயம் வரும்.

பின்னணிக்கு `Lens Blur`. அங்கே கேட்பது ஆரம் என்பதால் 85-ல் பாதி, 42 அளவில் தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். `Gaussian Blur` இங்கே வேண்டாம். நிஜ லென்ஸ் ஒரு சீரியல் பல்பை ஓரம் தெளிவான வட்டமாக விரிக்கும், காசியன் அதை ஒரு சாம்பல் கறையாக்கிவிடும்.

அடுத்தது முந்தானை. அதை வேறொரு லேயராகப் பிரித்து, உடலுக்குக் கீழே, பின்னணிக்கு மேலே வையுங்கள். பிரிக்கும்போது கைக்கு அடியில் மறையும் பகுதியிலும் கொஞ்சம் துணி நிறத்தை நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாக்கியதும் கையோரம் ஒரு வெளிறிய இடைவெளி திறக்கும். இவ்வளவு சிறிய மங்கலுக்குக் காசியன் போதும். 13 பிக்ஸல் வட்டத்துக்கு ஆரம் 3 அளவில் வைத்தால் ஏறக்குறையப் பொருந்தும். லேயர் தனியாக இருப்பதால் துணியோடு அதன் ஓரமும் அதே அளவு மென்மையாகும். துணி எவ்வளவு மங்கியிருக்கிறதோ அவ்வளவே அதன் விளிம்பும் மங்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. துணி மங்கி விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அட்டைத் துண்டாகத் தெரியும். மாறாக, சரிகை இழை எண்ணக்கூடிய தெளிவில் இருக்கும் முன்பக்கக் கரையின் விளிம்பை 10 பிக்ஸல் கரைத்துவிட்டால் ஒளிவட்டம் வரும். கூர்மையான துணிக்கு 2, 3 பிக்ஸல் மாற்றமே போதும். தோளில் மட்டும், கூர்மையிலிருந்து மங்கலுக்குப் படிப்படியாகப் போகும்படி லேயர் மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுக்க வேண்டும். அங்கே ஒரு கோடு தெரிந்தால் செய்த வேலை முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

முழங்கை எல்லாவற்றுக்கும் மேலே தனி லேயராக, அதன் அளவுக்கு மங்கி, இடுப்புத் துணியின்மேல் சற்று வழிந்து நிற்கட்டும். கடைசியாக `Add Noise`. மங்கலாக்கும்போது பின்னணியில் இருந்த மெல்லிய பொரிப்பொரி அழிந்துவிடும், ஆள்மேல் மட்டும் அது மிஞ்சும். பின்னணிக்கும் அதே அளவு திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்ததாகத் தோன்றும்.

முழு உருவப் படமானால் கொசுவம் தரையைத் தொடும் இடத்தையும் கவனியுங்கள். பாதம் இருக்கும் தூரத்தில் உள்ள தரையும் தெளிவாக இருக்க வேண்டும், அங்கிருந்து பின்னால் போகப் போகத்தான் மங்க வேண்டும். தரை முழுவதும் ஒரே அளவு மங்கினால் ஆள் மிதப்பார்.

இவ்வளவும் பட்டுக்கும் பருத்திக்கும் சரிவரும். ஆர்கன்சாவும் நெட்டும் வேறு கதை. மெல்லிய துணி இருக்கும் இடத்தில் உண்மையில் இரண்டு ஆழங்கள் உள்ளன, முன்னால் இழை, அதன் ஊடே பின்னால் தூண். ஆழ வரைபடத்திலோ ஓர் இடத்துக்கு ஓர் எண்தான். அதனால் போன், துணியையும் தூணையும் சேர்த்துக் கூர்மையாக விட்டுவிடும், அல்லது இரண்டையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். நிஜ லென்ஸில் இழை தெளிவாகவும் ஊடே தெரியும் தூண் வெளியே உள்ள தூண் அளவுக்கே மங்கியும் இருக்கும். கையால் திருத்தும்போது, அந்தப் பகுதியில் மங்கலான பின்னணியை ஐம்பது, அறுபது சதவீதம் தெரியவிட்டு, கரையையும் மடிப்புக் கோடுகளையும் மட்டும் கூர்மையாக மீட்டு எடுக்கலாம். பின்னால் வெறும் சுவர் இருந்தால் இது நன்றாகவே அமையும். சிற்பத் தூணோ பூ அலங்காரமோ துணியின் ஊடே தெளிவாகப் பதிந்திருந்தால் அதைத் துணியிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு கோணத்தில் எடுப்பதே சரி.

ஆகவே மெல்லிய துணி உடுத்தியவரை எடுக்கும்போது, முந்தானைக்குப் பின்னால் ஒரே நிறமான, துணியின் நிறத்துக்கு மாறான பரப்பு வரும்படி இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முந்தானையை விசிறி விரிக்காமல் உடலோடு ஒட்டி விடச் சொல்லுங்கள். பல போன்கள் ப்ளர் போடாத மூலப் படத்தையும் கூடவே வைத்திருக்கும். ஐபோனில் போர்ட்ரெய்ட் விளைவைப் பின்னால் அணைத்துவிடலாம், எஃப் எண்ணையும் மாற்றலாம். வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியில் இந்த வசதி கிடைக்காது. வீட்டு விசேஷப் படங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன், எடுத்த போனிலிருந்து மூலத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.